போனில் அழித்தால் போனில் மட்டும்தானே போகும்?

3 ஜூன் 2024, காலை · குடியாத்தம் மருமகள்

என் மாமனாருக்கு 68 வயது. பொங்கலுக்கு முதல் டச் போன் வாங்கிக் கொடுத்தோம். மெயில் குவிந்துவிட்டது என்று தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளிக் காலி செய்கிறார். கேட்டால், "இது நகல்தாம்மா, அசல் கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்கிறார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அவர் சொல்வது சரியா?

3 ஜூன், இரவு · சத்துவாச்சாரி கிளார்க்

தப்பு. முதலில் போனை அவர் கையிலிருந்து வாங்கி வையுங்கள், மீதியை அப்புறம் சொல்கிறேன். இதே நகல், அசல் கதையை நம்பித்தான் ஏப்ரலில் 13 வருஷ மெயிலை நானே என் கையால் அழிக்கப் பார்த்தேன்.

4 ஜூன் · சத்துவாச்சாரி கிளார்க்

நேற்று கண் எரிச்சல், அதோடு விட்டுவிட்டேன். இப்போது முழுசாக.

வங்கியில் 36 வருஷம் கிளார்க். 2017-இல் ஓய்வு. வீட்டில் பையனின் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் ஜிமெயில் பார்ப்பேன். 2011-இல் பையன்தான் கணக்குத் திறந்து கொடுத்தான். கையில் பட்டன் போன். போன மார்ச் மாதம் பையன் சென்னையிலிருந்து வந்தபோது ஸ்மார்ட்போன் வாங்கி, அதே ஜிமெயில் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஞாயிறு ராத்திரி ரயிலில் போய்விட்டான்.

இரண்டே வாரத்தில் போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது. எது இடத்தை அடைக்கிறது என்று யோசித்தேன். மெயிலைத் திறந்தால் 2011 வரைக்கும் போகிறது. சரி, இதுதான் ஆள் என்று முடிவு கட்டினேன். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, போனில் எதற்கு இன்னொரு செட்?

அவசரப்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 9-ஆம் தேதி சோதனையாக மூன்று மெயிலை அழித்துப் பார்த்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் அந்த மூன்றும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை. சோதனையின் பாதியைச் செய்துவிட்டு பாஸ் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 14, வருஷப்பிறப்பு. வெளியே வேலூர் வெயில், போக இடமில்லை. ஒரு மெயிலை அழுத்திப் பிடித்தால் அதற்கு டிக் விழுகிறது, மேலே `Select all` என்று வருகிறது. அதைத் தொட்டால் 50 மெயில் ஒரே அடியில் டிக் ஆகிறது. அப்புறம் குப்பைத் தொட்டி படம். ஐம்பது காலி. நோட்டுக் கட்டு எண்ணியவன் கைக்கு இது பழகிய வேலை. அன்று 12 கட்டு, 600. எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போட்ட மறுநாள், ஏப்ரல் 20, விரல் மையோடு இன்னும் 10 கட்டும் சில்லறை 37-ம். எல்லாவற்றையும் டைரியில் குறித்துக்கொண்டேன்.

முடிந்ததும் `Bin` என்ற இடத்தில் எல்லாம் கிடப்பதைப் பார்த்தேன். குப்பையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வானேன்? அதன் மேலே `Empty bin now` என்று இருந்தது. அழுத்தினேன். நிரந்தரமாக அழியும், சம்மதமா என்று ஒரு பெட்டி வந்தது. வங்கியில் ஒரு கையெழுத்தில் எந்த வவுச்சரும் பாஸ் ஆகாது. பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்திவிட்டேன். அந்த நிறுத்தல்தான் என்னைக் காப்பாற்றியது.

4 ஜூன் · காட்பாடி பொறியாளர்

கிளார்க் சார் பயமுறுத்துகிறார். நான் கம்பெனியில் 20 வருஷம் அவுட்லுக் பயன்படுத்தியவன். மெயில் கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டால் அது நம்முடையது. போனில் அழித்தாலும், சர்வரில் அழித்தாலும், ஹார்டு டிஸ்கில் இருப்பது அசையாது. மாமனார் சொல்வதே சரி.

4 ஜூன் · ஆரணிக்காரர்

எனக்கும் இதே பிரச்சினை. பட்டுப்புடவை டிசைன் போட்டோவைத் தவறாக மொத்த வியாபாரி குரூப்பில் போட்டுவிட்டு அழித்தேன். என் போனில் போய்விட்டது, அவர்கள் எல்லாரிடமும் அப்படியே இருக்கிறது. ஆக, போனில் அழித்தால் போனில் மட்டும்தான் போகிறது. நானே சாட்சி.

4 ஜூன், இரவு · சத்துவாச்சாரி கிளார்க்

ஆரணிக்காரரே, அது வாட்ஸ்அப். நாங்கள் பேசுவது மெயில். அது வேறு கடை.

பொறியாளர் சாருக்கு. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்தபோது ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் லெட்ஜர். வேலூர் கிளையில் கணக்கு வைத்தவர் ஆம்பூர் கிளையில் போய் நின்றால் அங்கே அவர் யாரோ. கோர் பேங்கிங் வந்த பிறகு லெட்ஜர் ஒன்றுதான், கவுண்டர்தான் பல. ஆம்பூரில் பணம் எடுத்தால் அடுத்த நிமிஷம் வேலூரில் இருப்பு குறைகிறது. "நான் ஆம்பூர்லதானே எடுத்தேன், வேலூர்ல ஏன் குறைஞ்சது?" என்று அந்த நாளில் ஒரு பெரியவர் என்னிடம் சண்டை போட்டார். நான் நமட்டுச் சிரிப்பு சிரித்தேன். மெயில் விஷயத்தில் அந்தப் பெரியவர் நான்தான்.

போன் ஒரு கவுண்டர். வீட்டுக் கம்ப்யூட்டர் இன்னொரு கவுண்டர். லெட்ஜர் எங்கேயோ இருக்கிறது.

5 ஜூன் · வாலாஜா லேப்

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை, மெயில் கணக்குகளையும் நான்தான் பார்க்கிறேன். பொறியாளர் சார் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது POP முறை. அதில் அவுட்லுக் சர்வரிலிருந்து மெயிலைத் தன் டிஸ்குக்கு இறக்கித் தனிப்பிரதி வைத்துக்கொள்ளும். அந்தப் பிரதிக்கும் போனுக்கும் சம்பந்தமில்லை. கிளார்க் சார் மாதிரி பிரௌசரில் ஜிமெயிலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு டிஸ்கில் எதுவும் இறங்காது. கம்ப்யூட்டரிலும் அவர்கள் பார்ப்பது அதே சர்வரைத்தான். போன் ஆப்பில் அழித்தால் இரண்டு பக்கமும் போகும்.

ஆகவே மாமனார் கம்ப்யூட்டரில் எப்படிப் பார்க்கிறார் என்று தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், போனில் அவர் "தள்ளுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். தள்ளுவதும் அழிப்பதும் ஒன்றல்ல.

5 ஜூன் · குடியாத்தம் மருமகள்

கம்ப்யூட்டரில் பிரௌசர்தான் அக்கா. தள்ளினால் மெயில் மறைந்துவிடுகிறது, திரும்ப வரவில்லை. பின்னே அழிப்பது இல்லாமல் என்ன? கிளார்க் ஐயா சொன்ன `Bin` பார்த்தேன். அதில் ஏழெட்டுதான் இருக்கிறது. அவர் மாதக்கணக்கில் தள்ளியிருக்கிறார். அப்படியானால் மற்றதெல்லாம் போயே போய்விட்டதா?

5 ஜூன் · வாலாஜா லேப்

பதறாதீர்கள். மூன்று கோடு மெனுவைத் திறந்து கீழே `All mail` தொடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

5 ஜூன், மாலை · குடியாத்தம் மருமகள்

இருக்கிறது!! எல்லாம் இருக்கிறது. போன வருஷ கேஸ் புக்கிங் வரைக்கும்.

5 ஜூன், இரவு · சத்துவாச்சாரி கிளார்க்

அம்மா, "போனைப் பிடுங்கி வையுங்கள்" என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாலாஜா சொன்னதைப் படித்த பிறகு என் போனிலும் தள்ளிப் பார்த்தேன். தள்ளும்போது பின்னால் ஒரு பெட்டிப் படம் தெரிகிறது, கீழ்நோக்கிய அம்புக்குறியோடு. அது `Archive`. ஆப் வந்தபடியே இருந்தால் இடம் தள்ளினாலும் வலம் தள்ளினாலும் அதுதான். நான் தள்ளவில்லை, டிக் போட்டுத் தொட்டியைத் தொட்டேன். ஒரே ஆப்பில் இரண்டு பெரியவர்கள் இரண்டு வேறு காரியம் செய்திருக்கிறோம். உங்கள் மாமனார் தெரியாமலே சரியானதைச் செய்தார், நான் திட்டம் போட்டுத் தப்பைச் செய்தேன்.

வங்கிக் கணக்கில் சொன்னால் ஆர்கைவ் என்பது ரெக்கார்டு ரூம். பழைய வவுச்சர் மூட்டையை மேஜையிலிருந்து எடுத்து உள்ளே அடுக்குகிறோம், கேட்டால் எடுத்துத் தரலாம், தேதி கிடையாது. `Bin` என்பது எரிப்பதற்குப் பட்டியல் எழுதி ஓரமாகக் கட்டி வைத்த மூட்டை. 30 நாள் கெடு. இந்த இரண்டு அறைகளும் தனித்தனி. `All mail`-இல் தேடினால் தொட்டியில் போட்டது வராது, தொட்டிக்குள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

6 ஜூன் · வாலாஜா லேப்

சார் சரியாகச் சொன்னார். ஒன்று மட்டும். தள்ளினால் ஆர்கைவ் என்பது மாற்றக்கூடியது. `Settings`, `General settings`, அதற்குள் `Swipe actions`. யாராவது அதை `Delete` என்று மாற்றி வைத்திருந்தால் தள்ளுவதும் தொட்டிக்குத்தான் போகும். அந்த ஏழெட்டு மெயில் எப்படித் தொட்டிக்குப் போனது என்று பாருங்கள்.

அதே பக்கத்தில் `Confirm before deleting` இருக்கும். பெரியவர்கள் போனில் அதை ஆன் செய்து வைப்பது என் வழக்கம்.

6 ஜூன் · ஆரணிக்காரர்

வாட்ஸ்அப்பில் இந்த ஸ்வைப் ஆக்ஷன் எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

7 ஜூன் · சத்துவாச்சாரி கிளார்க்

பையன் இதைப் படித்துவிட்டான். "அப்பா, நீங்க என்கிட்ட கேக்கணும்னு நிறுத்தல, உண்மையைச் சொல்லுங்க" என்றான். சொல்கிறேன்.

ஏப்ரல் 20 அன்று `Empty bin now` அழுத்தியபோது கண்ணாடி போட்டிருக்கவில்லை. அது பூஜை அலமாரியில் இருந்தது. பெட்டி வந்தது தெரிந்தது, எழுத்து படிக்க முடியவில்லை. சரி என்பதாக நினைத்து எங்கேயோ தொட்டேன். பெட்டிக்கு வெளியே தொட்டிருக்கிறேன் போல, அது மறைந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்து டைரியில் "காலி செய்யப்பட்டது" என்று எழுதி கையெழுத்தும் போட்டேன். வவுச்சர் பாஸ் ஆகவே இல்லை, நான் பாஸ் ஆனதாகப் பதிந்துவிட்டேன். இரண்டு கையெழுத்துக் கதை, மேலே எழுதும்போது கொஞ்சம் மெருகு ஏறிவிட்டது.

விரல் அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் 1,137 மெயிலும் அன்றே போயிருக்கும்.

7 ஜூன் · காட்பாடி பொறியாளர்

போயிருந்தாலும் எடுக்கலாம். என் மைத்துனர் மகளுக்கு ஒரு தடவை தொட்டியையே காலி செய்த பிறகு மெயிலைத் திரும்பக் கொடுத்தார்கள். 25 நாள் வரை எடுக்கலாமாம்.

7 ஜூன் · வாலாஜா லேப்

அவளுக்கு இருந்தது கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கா சார்? அப்படியென்றால் சரி. தொட்டி காலியான பிறகும் 25 நாளுக்குள் நிர்வாகியால் மீட்க முடியும், நானே மாணவர்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். கிளார்க் சாருடையது சாதாரண இலவசக் கணக்கு. அதற்கு நிர்வாகி என்று யாரும் கிடையாது. தொட்டியைக் காலி செய்தால் போனது போனதுதான் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம்.

7 ஜூன் · காட்பாடி பொறியாளர்

கல்லூரிக் கணக்குதான். இருந்தாலும் கம்பெனிக்காரன் எங்கேயாவது ஒரு பிரதி வைத்திருப்பான் என்பது என் கருத்து.

8 ஜூன் · சத்துவாச்சாரி கிளார்க்

வைத்திருந்தாலும் நம் கவுண்டரில் கொடுக்க மாட்டானே சார்.

சரி, எப்படி வெளியே தெரிந்தது என்பதைச் சொல்லவில்லையே. மே 12, ஞாயிறு. மறுநாள் வீட்டம்மாவுக்குக் கண்புரை பார்க்க ஆஸ்பத்திரி. ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு பாலிசி மெயிலில் வந்திருந்தது, அதை பிரிண்ட் எடுக்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். இன்பாக்ஸில் ஏப்ரல் 20-க்குப் பிறகு வந்த சில மெயில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். போனைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பட்டியல், வரிக்கு வரி. அப்போதுதான் அந்த ஆம்பூர்ப் பெரியவர் முகம் ஞாபகம் வந்தது.

பையனுக்கு போன் போட்டேன். திட்டவில்லை, "எப்ப அழிச்சீங்க?" என்று தேதியைக் கேட்டான். டைரியைப் பார்த்து 14-ஆம் தேதி 600, 20-ஆம் தேதி 537 என்றேன். அந்தப் பக்கம் அமைதி. கெடு மெயிலின் தேதியிலிருந்து ஓடுவதில்லை, தொட்டியில் போட்ட நாளிலிருந்து ஓடுகிறது. ஏப்ரல் 14-இல் போட்டவை மே 14-இல் போய்விடும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மே 12 ராத்திரி எட்டு மணி.

முதலில் கெடு முடிகிறவற்றை மட்டும் எடுப்போம் என்று தொட்டிக்குள் தேடினேன். முடியவில்லை. தொட்டியில் மெயில்கள் தங்கள் பழைய தேதிப்படிதான் வரிசையாக இருக்கின்றன, போட்ட தேதிப்படி இல்லை. எது 14-ஆம் தேதி மூட்டை, எது 20-ஆம் தேதி மூட்டை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக எடுப்பதுதான் ஒரே வழி.

அதற்குப் போன் வேண்டாம், கம்ப்யூட்டரில் உட்காருங்கள் என்றான். தொட்டியைத் திறந்து மேலே உள்ள சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் பக்கத்தில் தெரியும் 50 மட்டும் தேர்வாகிறது. உடனே மேலே ஒரு வரி வருகிறது, `Select all 1,137 conversations in Bin` என்று. அந்த வரியைச் சுட்டினால்தான் மொத்தமும். எனக்கு அந்த வரி கண்ணில் படவே இல்லை, மூன்று தடவை ஐம்பது ஐம்பதாக எடுத்துவிட்டு, பையன் கத்திய பிறகு பார்த்தேன். அப்போது அது 987 என்று காட்டியது. அப்புறம் `Move to`, அதில் `Inbox`. கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் தொடாதீர்கள் என்றான், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வந்துவிட்டது. பாலிசியும் வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டது பாலிசியை இல்லை, ஆதார் நகலைத்தான்.

8 ஜூன் · குடியாத்தம் மருமகள்

ஐயா, அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது?

8 ஜூன் · சத்துவாச்சாரி கிளார்க்

ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது என் போன் எழுத்தை அவள்தான் எனக்குப் படித்துச் சொல்கிறாள்.

9 ஜூன் · காட்பாடி பொறியாளர்

இத்தனை கஷ்டம் எதற்கு? போனில் இடம் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் போய் அந்தக் கணக்கையே போனிலிருந்து நீக்கிவிட வேண்டியதுதானே. எல்லா மெயிலும் போனை விட்டுப் போய்விடும், சர்வரில் இருக்கும்.

9 ஜூன் · வாலாஜா லேப்

இதில் சார் சொல்வது சரி. நீக்கும்போது போனிலிருந்து மெயில், தொடர்பு எண் எல்லாம் அழியும் என்று பயமுறுத்தும். அழிவது போனில் உள்ளது மட்டும். ஆனால் திரும்பச் சேர்க்கப் பாஸ்வேர்ட் வேண்டும். என்னிடம் வருகிற பெரியவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது, பிள்ளையோ கடைக்காரரோ போட்டது. மெயில் பத்திரமாக இருக்கும், கதவு பூட்டியிருக்கும்.

அதோடு, கணக்கை நீக்கினாலும் இடம் பெரிதாகக் கிடைக்காது. ஆப் தன்னிடம் மொத்த மெயிலையும் வைத்துக்கொள்வதில்லை. கணக்கின் செட்டிங்ஸில் `Days of emails to sync` என்று இருக்கும், வழக்கமாக 30 நாள். பழைய மெயிலைத் தொடும்போது அப்போதைக்கு சர்வரிலிருந்து கொண்டுவந்து காட்டும்.

10 ஜூன் · சத்துவாச்சாரி கிளார்க்

எனக்கு வலிக்கிற இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். 2011 மெயில் போனில் தெரிந்ததால் அது போனுக்குள் இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணில் தெரிகிற லெட்ஜர் எல்லாம் நம் அலமாரியில் இருக்கிறது என்று நினைத்த மாதிரி.

பாஸ்வேர்ட் எனக்கும் தெரியாது. 2011-இல் பையன் போட்டது. அவனுக்கே ஞாபகமில்லை என்று நேற்றுத்தான் ஒத்துக்கொண்டான். இப்போது இரண்டு பேரும் உட்கார்ந்து புதிதாகப் போட்டு டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதக் கூடாது என்பார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

போனில் இடத்தை அடைத்தது என்ன என்று கடைசியில் பார்த்தோம். வாட்ஸ்அப் படங்கள். ஓய்வூதியர் குரூப்பில் தினமும் காலை வணக்கம், ரோஜாப்பூ, விளக்கு, முருகர். ஒரு ஆளே நாளைக்கு நாலு அனுப்புகிறார், பெயர் வேண்டாம், எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். 1,137 மெயிலை அழித்தும் எச்சரிக்கை போகவில்லை, ரோஜாப்பூவை அழித்ததும் போய்விட்டது.

10 ஜூன் · ஆரணிக்காரர்

பார்த்தீர்களா, கடைசியில் வாட்ஸ்அப்தான்.

12 ஜூன் · குடியாத்தம் மருமகள்

தொட்டியில் இருந்த ஏழெட்டு மெயிலுக்கு விடை கிடைத்தது. மாமனார் தள்ளவில்லை, மெயிலைத் திறந்து படித்துவிட்டு மேலே உள்ள தொட்டிப் படத்தைத் தொட்டிருக்கிறார். அதில் ஒன்று அவர் தம்பி பெங்களூரிலிருந்து எழுதியது. கடைசியில் வந்த "சரி அண்ணா" மட்டும்தான் அழித்தேன் என்கிறார். ஆனால் இரண்டு பேரும் ஒரு வருஷமாக அதே மெயிலில் பதில் மேல் பதில் போட்டு வந்த மொத்தமும் சேர்ந்து தொட்டியில் கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டேன்.

12 ஜூன் · வாலாஜா லேப்

பதில்கள் எல்லாம் ஒரே கட்டாக, ஒரு வரியாகத் தெரியும். அந்த மேல் படம் கட்டு முழுவதையும் தூக்கும். ஒன்றை மட்டும் அழிக்க, கம்ப்யூட்டரில் திறந்து அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியில் போக வேண்டும். `Conversation view`-வை அணைத்தால் தனித்தனியாக வரும், சில பெரியவர்களுக்கு அதுதான் ஒத்துவருகிறது. சிலர் அணைத்த பிறகு "மெயில் ரொம்ப அதிகமாகிவிட்டது" என்று திரும்பி வருகிறார்கள். எது நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

15 ஜூன் · சத்துவாச்சாரி கிளார்க்

எல்லாம் வந்துவிட்டது என்று 8-ஆம் தேதி எழுதினேன். அது சரியில்லை.

நேற்று ராத்திரி டைரியைக் கூட்டிப் பார்த்தேன். எனக்கு இந்த வியாதி உண்டு. பத்துப் பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி ஒன்பது வரை கிளையில் உட்கார்ந்த தலைமுறை. டைரிப்படி அழித்தது 1,140. திரும்பி வந்தது 1,137. வித்தியாசம் 3.

முதலில் கட்டு கணக்கு என்று சந்தேகப்பட்டேன், வாலாஜா சொன்ன மாதிரி ஒரு வரிக்குள் பல மெயில். ஆனால் நான் இரண்டு முறையும் வரிகளைத்தான் எண்ணியிருக்கிறேன். அப்புறம் பக்கத்தை முன்னால் திருப்பினால் விடை இருக்கிறது. "9/4 — சோதனை — 3." வருஷப்பிறப்புக்கு ஐந்து நாள் முன்னால் சோதித்துப் பார்த்த மூன்று மெயில். ஏப்ரல் 9-இல் தொட்டிக்குப் போனவை, மே 9-இல் கெடு முடிந்திருக்கிறது. நான் தொட்டியைத் திறந்தது 12. பையன் சொன்ன இரண்டு நாள் இடைவெளி 600-க்கும் போதுமானதாக இருந்தது, இந்த மூன்றுக்கு மூன்று நாள் தாமதம்.

15 ஜூன் · காட்பாடி பொறியாளர்

மூன்று மெயில்தானே சார். விளம்பரமாக இருக்கும்.

15 ஜூன் · சத்துவாச்சாரி கிளார்க்

இருக்கலாம். மேலே இருந்த மூன்றைத் தொட்டேனா, அடியில் இருந்து எடுத்தேனா என்று ஞாபகம் இல்லை. ஏதோ ஒன்று நீளமாக, தமிழில் இருந்த மாதிரி ஒரு நினைப்பு. வீட்டம்மாவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

36 வருஷம் புதுப் பையன்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன், வவுச்சரில் தொகை மட்டும் எழுதினால் போதாது, எதற்காக என்று ஒரு வரி விவரம் எழுது என்று. டைரியில் தேதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, கையெழுத்து கூட இருக்கிறது. அந்த ஒரு வரிதான் இல்லை.